சப்கிளேவியன் தமனியை வரைந்து படிப்பது எப்படி: ஒரு தசை, மூன்று பகுதிகள், எதிர்த்திசையில் ஓடும் இரத்தம்

முதலாண்டு வாய்மொழித் தேர்வில் என் தேர்வாளர் இடுக்கியின் நுனியை, கைக்கு இரத்தம் கொண்டுபோகும் இடது சப்கிளேவியன் தமனியின் தொடக்கத்தில் வைத்து, "இந்த இடம் அடைத்துக்கொண்டால் எந்தத் தமனியில் இரத்தம் திரும்பி ஓடும்?" என்று கேட்டார். நான் ஐந்து கிளைகளின் பெயர்களையும் வரிசையாக ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பெயரைக் கேட்கவில்லை, வழியைக் கேட்டேன்" என்றார். எனக்கு விடை தெரியவில்லை.

இந்தத் தமனியைப் பட்டியலாகப் படிப்பவர்களுக்கு அதே நிலைதான் வரும். ஒரு கிளை எங்கே புறப்படுகிறது, மறுமுனையில் யாரோடு கைகோர்க்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் பட்டியல் தானாக வந்துவிடும். அதனால் இங்கே ஒரு தாளை எடுத்து, இடதுபக்கத் தமனியைப் படிப்படியாக வரைந்துகொண்டே போகலாம். கடைசியில் அந்தப் படத்தில் ஓர் அடைப்பை வைத்து, இரத்தம் எங்கே போகிறது என்று விரலால் தடம் பிடிக்கலாம்.

படி 1: முதலில் விலா எலும்பும் தசையும்

தமனியை முதலில் வரையாதீர்கள். எதிரே ஒருவர் உங்களைப் பார்த்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய இடதுபக்கம் உங்கள் தாளின் வலதுபக்கம். தாளின் நடுவே செங்குத்தாக ஒரு கோடு, அது உடலின் நடுக்கோடு. அதற்கு வலப்புறம், தாளின் கீழ்ப்பாதியில், அகலமான காற்புள்ளி போல முதல் விலா எலும்பை வரையுங்கள்.

இனி ஒரு பட்டை. கழுத்தெலும்புகளில் மூன்றாவது முதல் ஆறாவது வரையிலானவற்றின் பக்கவாட்டு முனைப்புகளில் தொடங்கி, முதல் விலாவின் மேற்பரப்பில் உட்புற விளிம்பருகே உள்ள சிறு மேட்டில் வந்து பொருந்தும் தசை இது. பெயர் ஸ்கேலீனஸ் ஆன்டீரியர். இனிச் சுருக்கமாக ஸ்கேலீன் தசை என்றே சொல்கிறேன்.

விலாவில் அந்த மேட்டுக்கு முன்னே ஒரு பள்ளம், பின்னே ஒரு பள்ளம். முன்பள்ளத்தில் சப்கிளேவியன் சிரை, பின்பள்ளத்தில் சப்கிளேவியன் தமனி. தமனிக்குப் பின்னும் மேலுமாகக் கைக்குப் போகும் நரம்புப் பின்னல். தமனியும் சிரையும் இணைந்தே ஓடும் என்று பழகியவர்கள் இங்கே சிரையையும் தசைக்குப் பின்னால் வரைந்துவிடுவார்கள். படத்தில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். தசை ஒரு கதவு என்றால் சிரை வாசலில் நிற்கிறது, தமனி உள்ளே இருக்கிறது.

இந்தக் கதவை வைத்துத்தான் தமனியை மூன்றாகப் பிரிக்கிறோம். தசையின் உள்விளிம்பு வரை முதல் பகுதி, தசைக்குப் பின்னால் மறைந்திருப்பது இரண்டாவது, தசையின் வெளிவிளிம்பிலிருந்து முதல் விலாவின் வெளிவிளிம்பு வரை மூன்றாவது. அந்த விளிம்பைத் தாண்டியதும் அதே குழாய்க்கு அக்குள் தமனி என்று பெயர் மாறுகிறது. குழாயில் எந்த மாற்றமும் இல்லை, மாறுவது பெயர் மட்டும்.

மூன்றாவது பகுதியை உங்கள் கழுத்திலேயே தொட்டுப் பார்க்கலாம். உட்கார்ந்து தோளைத் தளர்த்திக் கீழே விடுங்கள். காரை எலும்பின் நடுப்பகுதிக்குச் சற்று மேலே, காதின் பின்னாலிருந்து மார்பெலும்புக்கு இறங்கும் பெரிய கழுத்துத் தசையின் பின்விளிம்புக்கு வெளியே, ஒரு பள்ளம் இருக்கும். இரண்டு விரல் நுனிகளை அங்கே வைத்துக் கீழ்நோக்கியும் பின்நோக்கியும் சற்று உள்நோக்கியும் மெதுவாக அழுத்துங்கள். துடிப்பு தட்டுப்படும். அதற்கு அடியில் இருப்பது முதல் விலா. கையில் பெரிய இரத்தக்கசிவு ஏற்படும்போது இதே இடத்தில் தமனியை விலாவோடு சேர்த்து அழுத்திப் பிடிப்பார்கள். விரலுக்குத் துடிப்பு கிடைக்காமல் கைக்குள் சுரீரென்று மின்சாரம் பாய்வது போல இருந்தால், நீங்கள் அழுத்துவது நரம்பை. விரலைச் சற்று முன்னே நகர்த்துங்கள்.

படி 2: தமனியின் வளைவு

இப்போது தமனி. தாளின் அடியில், நடுக்கோட்டருகே பெருந்தமனியின் வளைவை வரைந்து, அதிலிருந்து நேராக மேலெழும் ஒரு குழாயை இழுங்கள். அது கழுத்தின் அடிவாரம் வரை ஏறி, நுரையீரலின் உச்சியை மூடிய உறையின் மேல் வில்லாக வளைந்து, ஸ்கேலீன் தசைக்குப் பின்னால் புகுந்து, வெளியே வந்து கீழிறங்குகிறது. வில்லின் உச்சி பெரும்பாலும் தசைக்குப் பின்னால்தான் இருக்கும்.

வலதுபக்கம் வேறு. அங்கே பெருந்தமனியிலிருந்து ஒரு பொதுத் தண்டு வந்து, காரை எலும்பு மார்பெலும்போடு சேரும் மூட்டுக்குப் பின்னால் தலைக்குப் போகும் வலது கரோட்டிடாகவும் வலது சப்கிளேவியனாகவும் பிரிகிறது. ஆகவே இடது சப்கிளேவியனின் முதல் பகுதி நீளமானது, அதில் ஒரு துண்டு மார்புக்குள்ளேயே கிடக்கிறது. குரல்வளைக்குத் திரும்பி ஏறும் நரம்பு வலதுபக்கத்தில் சப்கிளேவியனைச் சுற்றித் திரும்புகிறது, இடதுபக்கத்தில் இன்னும் கீழே போய்ப் பெருந்தமனி வளைவைச் சுற்றுகிறது. பிறவி மாறுபாடாக, சிலருக்கு வலது சப்கிளேவியன் பெருந்தமனி வளைவின் கடைசிக் கிளையாகப் புறப்பட்டு, பெரும்பாலும் உணவுக்குழாய்க்குப் பின்னால் குறுக்கே போகும். விழுங்குவதில் சிரமப்பட்ட ஒரு பெண்ணின் உடலில் இதைக் கண்டு எழுதியவர் டேவிட் பேஃபோர்டு, வெளியான ஆண்டு 1794. அப்படிப்பட்டவர்களுக்கு வலது நரம்பும் தமனியைச் சுற்றாமல் நேராகக் குரல்வளைக்குப் போய்விடும். தைராய்டு அறுவை செய்பவர்கள் இதை மனத்தில் வைத்திருப்பார்கள்.

படி 3: முதல் பகுதியில் ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று வெளியே

கிளைகளில் பெரும்பாலானவை கதவுக்கு முன்பே பிரிந்துவிடுகின்றன. தாளில் வில்லின் ஏறும் பக்கத்தில் மூன்று கோடுகள் போடுங்கள்.

மேலே போவது வெர்ட்டிப்ரல் தமனி. முதல் கிளை, அகலமான கிளை. ஏழாவது கழுத்தெலும்பின் துளையை விட்டுவிட்டு ஆறாவதன் துளையில் நுழைந்து, ஆறு எலும்புத் துளைகள் வழியாக ஏறி, மண்டையோட்டின் அடித்துளையில் புகுந்து, மறுபக்கத்துத் துணையோடு சேர்ந்து, மூளையின் பின்பகுதிக்குப் போகும் பேசிலர் தமனியாகிறது. இரண்டு ஆறுகள் கூடும் இடம் அது. அந்தக் கூடலைத் தாளின் மேல் விளிம்பில் நடுக்கோட்டில் குறித்துவிட்டு, வலது வெர்ட்டிப்ரலையும் மறுபுறத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள். பிறகு தேவைப்படும்.

கீழே போவது இன்டர்னல் தொராசிக் தமனி, அதாவது உள்மார்புத் தமனி. இதற்குத் தனிப் படி இருக்கிறது, இப்போதைக்கு ஒரு கோடு போதும்.

வெளியே போவது தைரோசர்வைக்கல் தண்டு. ஸ்கேலீன் தசையின் உள்விளிம்பை ஒட்டி எழும் குட்டையான தண்டு. எழுந்த உடனே பிரிந்துவிடும். ஒரு கிளை, கீழ்த் தைராய்டு தமனி, தசையின் உள்விளிம்பு ஓரமாக ஆறாவது கழுத்தெலும்பின் மட்டம் வரை ஏறி, கொக்கி போல உள்ளே வளைந்து, கரோட்டிட் உறைக்குப் பின்னால் சென்று தைராய்டை அடைகிறது. இன்னும் இரண்டு கிளைகள் தோளை நோக்கிப் போகின்றன: குறுக்குக் கழுத்துத் தமனியும், சுப்ராஸ்கேப்புலர் தமனியும்.

இந்த இரண்டையும் உடற்கூறு மேசையில் ஒருமுறை பார்த்தால் மறக்காது. ஸ்கேலீன் தசையின் முன்முகத்தில், உதரவிதானத்துக்குப் போகும் பிரெனிக் நரம்பு, சற்றே சாய்வாக வெளியிலிருந்து உள்ளே இறங்குகிறது. அதன் மேல் இந்த இரண்டு தமனிகளும் குறுக்கே ஓடி, இரண்டு வார்ப்பட்டைகளால் நரம்பைத் தசையோடு சேர்த்துக் கட்டியது போலத் தெரியும். நரம்பைத் தேடுபவர்கள் இந்தப் பட்டைகளைப் பார்த்தால் போதும். ஆனால் இதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. தசையின் முன்னால் ஓடுவதாலும் தோளுக்குப் போவதாலும், இவை மூன்றாவது பகுதியிலிருந்து வந்தவை என்று மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். புறப்பாடு கதவுக்கு இந்தப் பக்கம், பயணம்தான் அந்தப் பக்கம்.

சுப்ராஸ்கேப்புலர் தமனி தோள்பட்டை எலும்பின் மேல்விளிம்பை அடையும்போது, அங்கே ஒரு வெட்டுப் பள்ளத்தின் மேல் சிறிய நாண் பாலம்போலக் கட்டியிருக்கும். தமனி பாலத்தின் மேலே போகும், அதே பெயருள்ள நரம்பு பாலத்துக்குக் கீழே போகும். மேலே வண்டி, கீழே படகு என்று நான் நினைவில் வைத்திருக்கிறேன்.

படி 4: இரண்டாவதும் மூன்றாவதும்

தசைக்குப் பின்னால் ஒரே ஒரு கிளை: காஸ்டோசர்வைக்கல் தண்டு. இடதுபக்கத்தில் இது பெரும்பாலும் முதல் பகுதியிலிருந்தே வந்துவிடும், ஆகவே நாம் வரையும் படத்தில் தசையின் உள்விளிம்பிலேயே போடலாம். நுரையீரல் உச்சிக்கு மேலாகப் பின்னோக்கி வளைந்து, முதல் விலாவின் கழுத்தருகே இரண்டாகப் பிரிகிறது. ஆழ்கழுத்துத் தமனி பின்கழுத்துத் தசைகளுக்குள் மேலேறி, பிடரித் தமனியின் இறங்கு கிளையைச் சந்திக்கிறது. மற்றொன்று கீழிறங்கி முதல் இரண்டு விலா இடைவெளிகளுக்குப் பின்புறத்திலிருந்து இரத்தம் கொடுக்கிறது. "முதல் இரண்டு" என்பதை அடிக்கோடிட்டு வையுங்கள்.

மூன்றாவது பகுதியில் பலருக்கு டார்சல் ஸ்கேப்புலர் தமனி புறப்படும். கைக்குப் போகும் நரம்புத் தண்டுகளுக்கிடையே நுழைந்து, பின்னே சென்று, தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு ஓரமாக இறங்கும். வேறு சிலருக்கு இது குறுக்குக் கழுத்துத் தமனியின் ஆழ்கிளையாக வருகிறது. எங்கிருந்து வந்தாலும் போய்ச்சேரும் இடம் ஒன்றுதான், அதனால் புறப்பாட்டைப் பற்றிச் சண்டையிட வேண்டியதில்லை.

படி 5: மார்புச் சுவரின் ஏணி

இப்போது கீழே இறங்கிய கோட்டுக்கு வருவோம். உள்மார்புத் தமனி, முதல் ஆறு விலாக் குருத்தெலும்புகளுக்குப் பின்னால், மார்பெலும்பின் விளிம்பிலிருந்து ஏறக்குறைய 1 செ.மீ. தள்ளி, நேராக இறங்குகிறது. ஆறாவது இடைவெளியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று உதரவிதானத்தின் ஓரமாக வெளியே சாய்கிறது. மற்றொன்று வயிற்றின் நேர்த்தசை உறைக்குள் புகுந்து, தொடை மூட்டருகிலிருந்து மேலே ஏறிவரும் தமனியைச் சந்திக்கிறது. காரை எலும்புக்கு மேலே தொடங்கியது இடுப்புப் பக்கம் முடிகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மார்புச் சுவரை ஓர் ஏணியாக நினையுங்கள். முன்பக்க நெடுங்கம்பு உள்மார்புத் தமனி. பின்பக்க நெடுங்கம்பு பெருந்தமனி. நடுவே விலா இடைவெளித் தமனிகள் படிகள். முன்பக்கத்தில் முதல் ஆறு இடைவெளிகளுக்கும் உள்மார்புத் தமனி நேரடியாகக் கிளை தருகிறது, அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு உதரவிதானம் நோக்கிப் போன பிரிவு தருகிறது. பின்பக்கத்தில் மூன்றாவது இடைவெளியிலிருந்து பெருந்தமனி நேரடியாகத் தருகிறது. முதல் இரண்டுக்குத் தருவது காஸ்டோசர்வைக்கல் தண்டு, அதாவது அதே சப்கிளேவியன்.

இந்தச் சின்ன வேறுபாடு ஒரு எக்ஸ்ரே படத்தை விளக்கிவிடுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே பெருந்தமனி, இடது சப்கிளேவியன் பிரிந்த இடத்துக்குச் சற்றுக் கீழே குறுகியிருக்கும். கீழுடலுக்குப் போக வேண்டிய இரத்தம் நேர்வழி அடைபட்டதால் சப்கிளேவியனில் ஏறி, உள்மார்புத் தமனியில் இறங்கி, ஏணிப் படிகளில் முன்னிருந்து பின்னாக ஓடி, குறுகலுக்குக் கீழே பெருந்தமனியில் சேர்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படிப் பாய்ந்தால் விலா இடைவெளித் தமனிகள் பருத்து நெளிந்து, விலாவின் கீழ்விளிம்பை அரித்துப் பற்கள் பதிந்தது போன்ற தடங்களை உண்டாக்குகின்றன. இந்தத் தடங்கள் வழக்கமாக மூன்று முதல் எட்டு வரையிலான விலாக்களில் காணப்படும். முதல் இரண்டில் இராது. ஏனென்றால் அந்த இரண்டு படிகளின் இரு முனைகளும் சப்கிளேவியனிலேயே, குறுகலுக்கு மேலேயே முடிகின்றன. இரு முனைகளிலும் அழுத்தம் ஒன்றாக இருந்தால் இரத்தம் எதிர்த்திசையில் ஓடக் காரணமில்லை.

படி 6: அடைப்பை வைத்துத் தடம் பிடியுங்கள்

பயிற்சிக்காக ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். 62 வயது, நீண்ட நாள் புகைப்பழக்கம். உயரத்தில் இருக்கும் ஜன்னல்களை இடது கையால் துடைத்தால் இரண்டு நிமிடத்தில் கை கனக்கிறது, தலை சுற்றுகிறது, ஒருமுறை பார்வை இரட்டையாகத் தெரிந்தது. கையைத் தொங்கவிட்டால் சரியாகிவிடுகிறது. வலது கையில் இரத்த அழுத்தம் 148/86, இடது கையில் 112/78. இடது மணிக்கட்டில் நாடி சற்றுத் தாமதமாகவும் மெலிந்தும் வருகிறது. காரை எலும்புக்கு மேலே ஸ்டெதாஸ்கோப் வைத்தால் உஸ்ஸென்று ஓர் இரைச்சல்.

இரு கைகளுக்கும் இடையே மேல் அழுத்தத்தில் 36 வேறுபாடு. பொதுவாக 15க்கு மேல் தொடர்ந்து இருந்தாலே, குறைந்த பக்கத்தில் குறுகல் இருக்கிறதா என்று தேட வேண்டும். தாளில் இடது சப்கிளேவியனின் தொடக்கத்தில், வெர்ட்டிப்ரல் புறப்படுவதற்கு முன்னால், ஒரு பெருக்கல் குறி போடுங்கள். கொழுப்புப் படிவால் வரும் குறுகல் வலதைவிட இடதில், அதுவும் இந்த இடத்தில்தான், அதிகம்.

இப்போது தடம். அடைப்புக்கு அப்பால் அழுத்தம் 112 அளவில் இருக்கிறது. தாளின் உச்சியில் உள்ள கூடலுக்கோ வலது வெர்ட்டிப்ரல் முழு அழுத்தத்தில் இரத்தம் கொண்டுவருகிறது. இடது வெர்ட்டிப்ரல் ஒரு திறந்த குழாய், அதன் மேல்முனையில் அழுத்தம் அதிகம், கீழ்முனையில் குறைவு. ஆகவே வலதில் ஏறிய இரத்தத்தின் ஒரு பங்கு கூடலில் திரும்பி, இடதில் கீழிறங்கி, கைக்குப் போகிறது. என் தேர்வாளர் கேட்டதற்கு விடை இது: இடது வெர்ட்டிப்ரல்.

கை சும்மா இருக்கும்போது இந்த உதவி போதும், மூளைக்கும் குறை தெரியாது. கையை உழைக்கவைத்தால் தசைகளின் நுண்குழாய்கள் விரிகின்றன, கைப்பக்க அழுத்தம் மேலும் தாழ்கிறது, இழுப்பு கூடுகிறது. மூளையின் பின்பகுதிக்கும் மூளைத்தண்டுக்கும் போகவேண்டியது குறைந்து, தலைச்சுற்றலும் இரட்டைப் பார்வையும் வருகின்றன. திருட்டு என்ற பொருளில் இதற்குச் சப்கிளேவியன் ஸ்டீல் என்று 1961இல் பெயர் வந்தது. இப்படித் திரும்பி ஓடினாலும் பலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். ஓட்டம் திரும்புவது ஸ்கேனில் தெரிவதும், நோய்க்குறி வருவதும் ஒன்றல்ல.

டாப்ளர் ஸ்கேனில் இது படிப்படியாகத் தெரியும். தொடக்கத்தில் வெர்ட்டிப்ரலில் ஒவ்வொரு துடிப்பின் உச்சியிலும் ஒரு பள்ளம் மட்டும் விழும், பிறகு ஒரு துடிப்புக்குள்ளேயே முன்னும் பின்னுமாக ஓடும், முற்றினால் முழுவதும் கீழ்நோக்கி. சந்தேகமாக இருந்தால், அந்தக் கையில் அழுத்தப்பட்டையை மேல் அழுத்தத்துக்கு மேலே ஏற்றிச் சில நிமிடங்கள் வைத்துச் சட்டென்று விடுவார்கள். பட்டினி கிடந்த கை இரத்தத்தை இழுக்கும் அந்தக் கணத்தில், மறைந்திருந்த எதிரோட்டம் வெளிப்படும்.

பெருக்கல் குறியை அழித்து, மூன்றாவது பகுதியில், டார்சல் ஸ்கேப்புலர் பிரிந்த பிறகு போடுங்கள். வெர்ட்டிப்ரலுக்கு இப்போது எந்தத் தொல்லையும் இல்லை, தலைச்சுற்றல் வராது. கைக்கு வழி எது? தோள்பட்டை எலும்பின் பின்முகத்தில் சுப்ராஸ்கேப்புலரும் டார்சல் ஸ்கேப்புலரும், அக்குள் தமனியிலிருந்து வரும் சப்ஸ்கேப்புலரின் கிளையோடு பின்னிக்கிடக்கின்றன. இரத்தம் மேலிருந்து அந்தப் பின்னலுக்குள் புகுந்து, சப்ஸ்கேப்புலரில் எதிர்த்திசையில் ஓடி, அக்குள் தமனியை அடைகிறது. குறுகல் மெல்ல மெல்ல வளர்ந்தால் இந்தக் குழாய்கள் பருக்க நேரம் கிடைக்கும். திடீர் காயத்தில் அந்த அவகாசம் இல்லை, பின்னலை நம்பி உட்கார முடியாது. அடைப்பு சப்ஸ்கேப்புலரையும் தாண்டிக் கீழே இருந்தால் இந்தப் பின்னலால் பயனே இல்லை, ஏனெனில் அது அடைப்புக்கு மேலேயே கொண்டுவந்து கொட்டும்.

குறியை மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்து, நோயாளிக்கு ஒரு கடந்தகாலத்தைக் கொடுங்கள்: ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதய பைபாஸ் அறுவை நடந்திருக்கிறது. இடது உள்மார்புத் தமனியை மார்புச் சுவரிலிருந்து பிரித்து, கீழ்முனையை இதயத்தின் முன்பக்கத் தமனியில் தைத்திருக்கிறார்கள். மேல்முனை சப்கிளேவியனிலேயே இருக்கிறது. இப்போது ஜன்னல் துடைத்தால் தலைச்சுற்றலோடு நெஞ்சுவலியும் வரலாம், கை இதயத்திலிருந்தும் இரத்தத்தை இழுக்கிறது. இந்த அறுவைக்கு முன் இரு கைகளிலும் அழுத்தம் அளப்பதற்கு இதுவே காரணம்.

வலதுபக்கத்தில் அடைப்பு பொதுத் தண்டிலேயே இருந்தால் கரோட்டிடும் சேர்ந்து பாதிக்கப்படும், கதை அங்கே வேறு.

நம் 62 வயதுக்காரரின் பழைய சீட்டுகளைப் புரட்டினால் இன்னொன்று தெரியவரும். ஒவ்வொரு முறையும் இடது கையில்தான் அளந்திருக்கிறார்கள்: 114/80, 110/76, 116/78. இரத்த அழுத்தம் சீராக இருக்கிறது என்றே எழுதியிருக்கிறார்கள். அவருடைய உண்மையான அழுத்தம் வலது கையில் இருந்த 148. இனிமேல் அவருக்கு எப்போதும் வலது கையில் அளக்க வேண்டும் என்று சீட்டின் மேலேயே எழுதி வைக்க வேண்டும்.